பத்து லட்சத்தில் ஒன்றைத் தாவித் தாவித் தேடுவது எப்படி?

ஒரு நாளிதழின் பழைய கட்டுரைகள் பத்து லட்சம், கணினியில் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ‘கிணறு வற்றிய ஊர்கள்’ என்று தேடுகிறார். அவருக்கு வேண்டிய கட்டுரையில் கிணறு என்ற சொல்லே இல்லை. ‘நிலத்தடி நீர்மட்டம் சரிந்தது’ என்றுதான் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்க்கும் தேடல் இங்கே வெறுங்கையோடு திரும்பிவிடும்.

இதற்காகத்தான் வெக்டர்கள் வந்தன. ஒவ்வொரு கட்டுரையையும் ஒரு நரம்பு வலை மாதிரி படித்து, அதன் பொருளை எண்களின் நீண்ட வரிசையாக மாற்றித் தருகிறது. அந்த வரிசைதான் வெக்டர். அதில் 768 எண்கள் இருப்பது வழக்கமான ஓர் அளவு. இரண்டு எண்கள் இருந்தால் தாளில் ஒரு புள்ளி வைக்கலாம், மூன்று இருந்தால் அறைக்குள் ஒரு புள்ளியைக் காட்டலாம். 768 எண்கள் என்றால் 768 திசைகள் உள்ள வெளியில் ஒரு புள்ளி. நம்மால் அதை மனக்கண்ணில் பார்க்க முடியாது, ஆனால் தூரத்தைக் கணக்கிடும் வழி தாளில் உள்ளதேதான். பொருளில் நெருங்கிய கட்டுரைகள் தூரத்திலும் நெருங்கியிருக்கும்படி அந்த மாதிரி பயிற்றப்பட்டிருக்கிறது. தேடியவரின் கேள்வியையும் அதேபோல் ஒரு புள்ளியாக்கி, அதற்கு மிக அருகில் உள்ள பத்துப் புள்ளிகளைக் கண்டுபிடித்தால் போதும்.

சிக்கல் அந்தக் கடைசி வேலையில்தான். எல்லாப் புள்ளிகளோடும் தூரத்தை அளந்தால் பத்து லட்சம் அளவைகள். ஒவ்வொன்றுக்கும் 768 பெருக்கல்கள். ஒரே ஒரு தேடலுக்கு 76.8 கோடிப் பெருக்கல்கள். ஒருவர் தேடினால் கணினி தாங்கும். ஒரே நொடியில் நூறு பேர் தேடினால் திணறும்.

அப்படியானால் அகராதிபோல வரிசைப்படுத்தி வைக்கலாமே என்று தோன்றும். ஒரே ஓர் எண் என்றால் வரிசைப்படுத்தலாம். 768 எண்களை எந்த வரிசையில் அடுக்குவது? முதல் எண்ணில் நெருங்கியவை மற்ற 767 எண்களில் எங்கெங்கோ கிடக்கும். வெளியைப் பாதி பாதியாக வெட்டி மரம்போல் கிளைபிரிக்கும் பழைய முறைகளும் உண்டு. திசைகள் குறைவாக இருக்கும்வரை அவை அருமையாக உழைக்கும். திசைகள் பெருகப் பெருக, ‘இந்தக் கிளையில் நிச்சயம் இல்லை’ என்று எதையும் ஒதுக்க முடியாமல் போய், கடைசியில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அளந்து பார்க்கும் நிலைக்கே வந்துவிடும்.

இங்கேதான் எச்.என்.எஸ்.டபிள்யூ என்ற முறை வருகிறது. யூரி மால்கோவ், திமித்ரி யாஷுனின் என்ற இருவர் 2016-இல் இதை வெளியிட்டார்கள். வெளியை வெட்டும் எண்ணத்தையே அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் அண்டைப் புள்ளிகள் யார் என்று ஒரு சிறு பட்டியலைக் கொடுத்து, அந்தப் பட்டியல்கள் வழியாகவே தாவித் தாவிப் போகும்படி அமைத்தார்கள். தேடலின்போது கணினி செய்வது இவ்வளவுதான்: இப்போது நிற்கும் புள்ளியின் அண்டையரைப் பார், அவர்களில் யார் கேள்விக்கு இன்னும் அருகில் இருக்கிறாரோ அவரிடம் தாவு, அதைவிட அருகில் யாரும் இல்லையென்றால் நில்.

இந்த எளிய விதி ஏன் வேலை செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு பழைய சோதனையில் பதில் இருக்கிறது. 1960-களில் ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர், நெப்ராஸ்கா மாநிலத்திலும் பாஸ்டன் நகரிலும் இருந்த சிலரிடம் ஓர் ஆவணக் கட்டைக் கொடுத்தார். அது பாஸ்டனில் வேலை செய்யும் ஒரு பங்குத் தரகரிடம் போய்ச் சேர வேண்டும். நேரடியாக அனுப்பக் கூடாது. தனக்கு நேரில் பழக்கமானவர்களில், அந்தத் தரகருக்கு நெருங்கியவராக யார் இருக்கக்கூடுமோ அவருக்கு அனுப்ப வேண்டும். 296 பேர் தொடங்கியதில் 64 கட்டுகள் போய்ச் சேர்ந்தன. சேர்ந்தவை சராசரியாக ஐந்து பேரைச் சற்றே கூடுதலாகத் தாண்டி வந்திருந்தன.

‘உலகம் சிறியது’ என்று எல்லோரும் இதைச் சொல்லிக்கொண்டார்கள். ஜான் கிளைன்பெர்க் என்ற கணினி அறிஞர் 2000-இல் வேறொரு கேள்வி கேட்டார்: குறுக்குவழி இருப்பது ஒரு வியப்பு, ஆனால் முழு வரைபடத்தைப் பார்க்காத மனிதர்கள், தம் அறிமுகங்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வழியைக் கண்டுபிடித்தது எப்படி? அவர் கணக்கிட்டுச் சொன்ன விடை இது: அறிமுகங்கள் எல்லாத் தொலைவுகளிலும் சீராகப் பரவியிருக்க வேண்டும். தெருவில் சிலர், ஊரில் சிலர், மாநிலத்தில் சிலர், அதற்கு அப்பாலும் சிலர். எல்லா அறிமுகமும் தெருவுக்குள்ளேயே இருந்தால் கடிதம் ஊர்ந்துதான் போகும். எல்லாம் கண்ட இடத்தில் சிதறிக் கிடந்தால், தரகர் இருக்கும் நகரத்துக்கு வந்த பிறகும் அவர் தெருவை எட்ட முடியாது.

எச்.என்.எஸ்.டபிள்யூ இந்த விடையை அப்படியே அடுக்குகளாக மாற்றியது. தொலைதூர இணைப்புகள் மேல் அடுக்கில். ஊருக்குள் உள்ளவை நடு அடுக்கில். தெருவுக்குள் உள்ளவை தரைத்தளத்தில். தரைத்தளத்தில் பத்து லட்சம் புள்ளிகளும் உண்டு. மேலே போகப் போகப் புள்ளிகள் குறைகின்றன. குறைவதால் அங்கே ‘அண்டை’ என்பவரே வெகு தொலைவில் இருப்பவராகிவிடுகிறார்.

எந்தப் புள்ளி எந்த அடுக்குவரை ஏறும் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது. 0-க்கும் 1-க்கும் நடுவில் ஏதோ ஓர் எண் `u` எடுக்கப்படுகிறது. `M` என்பது ஒரு புள்ளிக்கு எத்தனை அண்டையர் என்ற அளவு. புள்ளியின் அடுக்கு:

```
floor(-ln(u) / ln(M))
```

`M` = 16 என்று வைத்தால், `u` 0.5 வந்த புள்ளி தரைத்தளத்தோடு நின்றுவிடும். 0.03 வந்தது முதல் அடுக்குவரை ஏறும். 0.002 வந்தது இரண்டாம் அடுக்கையும் தொடும். ஒவ்வொரு மாடிக்கும் பதினாறில் ஒரு பங்கே ஏறும் என்பதுதான் இதன் விளைவு. பத்து லட்சத்தில் முதல் அடுக்கில் சுமார் 62,500, இரண்டாவதில் 3,900, மூன்றாவதில் 244, நான்காவதில் 15, அதற்கு மேல் ஒன்றோ இரண்டோ. இந்தக் குலுக்கல் யோசனை வில்லியம் பியூ 1990-இல் எழுதிய ‘ஸ்கிப் லிஸ்ட்’ என்ற அமைப்பிலிருந்து வந்தது. யார் மேலே ஏறத் தகுதியானவர் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. குலுக்கலே எல்லாப் பக்கமும் சமமாகத் தூவிவிடுகிறது.

இனி தேடல் எப்படி நடக்கிறது என்று கையாலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 768 திசைகளுக்குப் பதில் இரண்டு, பத்து லட்சம் புள்ளிகளுக்குப் பதில் ஏழு. கட்டத்தாளில் அவற்றின் இடங்கள்: க (1,1), ச (2,2), ட (3,5), த (6,3), ப (7,4), ம (10,4), ய (9,8). தரைத்தள இணைப்புகள் சங்கிலிபோல அமைந்திருக்கின்றன: க–ச, ச–ட, ட–த, த–ப, ப–ம, ம–ய. முதல் அடுக்கில் க, த இரண்டு மட்டும், ஒன்றோடொன்று இணைந்தபடி. உச்சியில் க மட்டும், நுழைவாயில் அதுவே. கேள்வி விழுந்த இடம் (8,7).

தூரத்துக்கு வர்க்கமூலம் எடுக்கத் தேவையில்லை. எது சிறியது என்று தெரிந்தால் போதும். பக்கவாட்டு வித்தியாசத்தின் வர்க்கத்தையும் மேல்கீழ் வித்தியாசத்தின் வர்க்கத்தையும் கூட்டுவோம். ‘க’வுக்கும் கேள்விக்கும் 49 + 36, அதாவது 85. முதல் அடுக்கில் அதன் அண்டை ‘த’வுக்கு 4 + 16, அதாவது 20. உடனே ‘த’வுக்குத் தாவுகிறோம். ச, ட இரண்டையும் தொடாமலே தாண்டிவிட்டோம். மேல் அடுக்கு தந்த லாபம் அதுதான். அந்த அடுக்கில் இனி அருகில் யாரும் இல்லை என்பதால், ‘த’ நிற்கும் இடத்திலேயே தரைத்தளத்துக்கு இறங்குகிறோம். அங்கே அதன் அண்டையர் ட (29), ப (10). ‘ப’வுக்குத் தாவுகிறோம். ‘ப’வின் அண்டையர் த (20), ம (13). இரண்டுமே 10-ஐ விடத் தொலைவு. விதிப்படி நிற்க வேண்டியதுதான். விடை: ப.

அது தவறான விடை. ‘ய’வுக்கும் கேள்விக்கும் இடையே 1 + 1, வெறும் 2. அதுதான் உண்மையில் மிக அருகில் இருப்பது. ஆனால் ‘ய’வுக்குப் போகும் ஒரே வழி ‘ம’ வழியாக. ‘ம’வுக்குப் போக வேண்டுமானால் கேள்வியை விட்டுச் சற்று விலகிப் போக வேண்டும், 10-இலிருந்து 13-க்கு. ‘அருகில் இருப்பவரிடம் மட்டுமே தாவு’ என்ற விதி அந்த ஓரடி விலகலை அனுமதிக்கவில்லை.

இந்த முறையின் உயிர்நாடியே இந்த இடம்தான் என்பேன். மேல் அடுக்குகளில் இப்படிச் சிக்கிக்கொண்டால் பெரிய கேடு இல்லை. ஏறக்குறைய சரியான வட்டாரத்தில் இறக்கிவிட்டாலே போதும். தரைத்தளத்தில் சிக்கினால் வாசகருக்குத் தவறான கட்டுரை போய்ச் சேரும். ஆகவே தரைத்தளத்தில் மட்டும் விதி தளர்த்தப்படுகிறது. ஒரே ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகாமல், இதுவரை கண்டவர்களில் மிக அருகில் உள்ள `ef` பேரைக் கையில் வைத்துக்கொள்கிறது கணினி. கையில் இருப்பவர்களில் இன்னும் யாருடைய அண்டையரைப் பார்க்கவில்லையோ, அவர்களில் மிக நெருங்கியவரை எடுத்து விசாரிக்கிறது. கையில் உள்ளவர்கள் அனைவரையும் விசாரித்து, புதிதாக யாரும் உள்ளே நுழையாதபோதுதான் நிற்கிறது.

`ef` = 2 என்று வைத்து மறுபடி இறங்குவோம். கையில் முதலில் த (20). அதை விசாரித்ததும் ப (10) சேர்கிறது. ட (29) வெளியே போகிறது. அடுத்து ‘ப’வை விசாரிக்கிறோம். ம (13) வருகிறது. அது ‘த’வை விட அருகில் என்பதால் ‘த’வைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கிறது. கையில் ப, ம. இப்போது ‘ம’வையும் விசாரிக்க வேண்டும். விசாரித்ததும் ய (2) கிடைக்கிறது. ‘ய’வை விசாரித்தால் புதியவர் யாருமில்லை. விடை: ய. ஒரே ஒரு கூடுதல் இடம் கையில் இருந்தது, தவறு சரியாகிவிட்டது.

‘ப’வுக்கும் ‘ய’வுக்கும் நேராக ஓர் இணைப்பைப் போட்டிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காதே என்று நீங்கள் கேட்கலாம். அதைப் போடாதது கவனக்குறைவு இல்லை. புதிய புள்ளி ஒன்றை வலைக்குள் சேர்க்கும்போது, அண்டையரை ஒரு சோதனை வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள்: இந்த ஆள், நான் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த வேறோர் அண்டைக்கு என்னைவிட நெருக்கமானவரா? ஆம் என்றால் வேண்டாம். அந்த அண்டை வழியாகவே அவரைப் பிடித்துக்கொள்ளலாம். ‘ப’வுக்கும் ‘ய’வுக்கும் இடையே 20, ‘ம’வுக்கும் ‘ய’வுக்கும் இடையே 17. எனவே ‘ய’வை ‘ம’விடம் விட்டுவிட்டது ‘ப’.

இந்தச் சோதனை இல்லையென்றால் என்ன ஆகும்? கிரிக்கெட் செய்திகள் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும். அந்தக் குவியலுக்குள் உள்ள ஒரு கட்டுரைக்கு மிக நெருங்கிய பதினாறு பேரும் கிரிக்கெட் கட்டுரைகளாகவே இருப்பார்கள். பதினாறு இணைப்புகளும் உள்ளுக்குள்ளேயே சுற்றும். வெளியே போக வழியிருக்காது. சோதனை வைத்தால் இணைப்புகள் திசைக்கு ஒன்றாகப் பிரிகின்றன, குவியலிலிருந்து வெளியே ஒரு கதவு திறந்திருக்கிறது. சில நேரடிப் பாதைகளை இழந்து, எங்கிருந்தும் எங்கும் போகும் வாய்ப்பைப் பெறுகிறோம். இழந்ததை `ef` ஈடுசெய்கிறது.

சேர்க்கும் வேலையும் தேடல்தான். புதிய புள்ளி தன்னையே கேள்வியாக வைத்து உச்சியிலிருந்து இறங்கி, தன் அடுக்கை எட்டியதும் அங்கிருந்து ஒவ்வொரு தளத்திலும் அண்டையரைத் தேர்ந்தெடுக்கிறது. அண்டையரும் பதிலுக்குத் தம் பட்டியலில் அதைச் சேர்க்கிறார்கள். அவர்கள் பட்டியல் நிரம்பி வழிந்தால், அதே சோதனையை வைத்து ஒருவரைக் கழிக்கிறார்கள். தரைத்தளத்தில் மட்டும் பட்டியலுக்கு இரட்டிப்பு இடம், `M` 16 என்றால் 32.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான பிஜிவெக்டர் என்ற இணைப்பு 2023-இலிருந்து இந்த முறையைத் தருகிறது. அதில் இத்தனையும் இரண்டு வரியில் முடிந்துவிடும்:

```sql
CREATE INDEX ON articles USING hnsw (embedding vector_l2_ops)
WITH (m = 16, ef_construction = 64);
```

`ef_construction` என்பது சேர்க்கும்போது கையில் வைத்துக்கொள்ளும் ஆட்களின் எண்ணிக்கை. தேடும்போது அது `hnsw.ef_search`. யாரும் மாற்றாவிட்டால் 40. அதை 100 ஆக்கினாலும், நூறு பேரை விசாரித்தால் ஆளுக்கு 32 அண்டையர் என்று பார்த்துச் சில ஆயிரம் அளவைகளில் தேடல் முடிந்துவிடும். பத்து லட்சத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறியது! ஆனால் இந்தத் தாவல்கள் நினைவகத்தில் முன்னும் பின்னுமாகக் கண்ட இடத்துக்குப் பாய்கின்றன. வெக்டர்களுக்கு மட்டும் 3 ஜி.பி.க்கு மேல் வேண்டும். இணைப்புகளுக்கு அதில் ஒரு சிறு பங்கே போதும். இவை முழுவதும் ரேமில் அடங்காமல் வட்டிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் வேகம் சட்டென்று விழுந்துவிடும்.

இன்னொரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த முறை தவறும்போது எந்தப் பிழைச் செய்தியும் வராது. பத்து விடை கேட்டால் பத்து வரும். அவை எல்லாம் கேள்விக்கு ஓரளவு பொருந்தியும் இருக்கும். மூன்றாவது இடத்தில் வந்திருக்க வேண்டிய கட்டுரை வரவில்லை என்பது யார் கண்ணுக்கும் படாது. கண்டுபிடிக்க ஒரே வழி, சில நூறு கேள்விகளை எடுத்துக்கொண்டு, வலையை ஓரமாக வைத்துவிட்டு, எல்லாப் புள்ளிகளையும் அளந்து உண்மையான பத்தை எடுப்பது:

```sql
BEGIN;
SET LOCAL enable_indexscan = off;
SELECT id FROM articles
ORDER BY embedding <-> '[...]' LIMIT 10;
COMMIT;
```

வலை தந்த பத்தையும் இந்தப் பத்தையும் ஒப்பிட வேண்டும். ஒன்பது பொதுவாக இருந்தால் அந்தக் கேள்விக்கு 90 சதவீதம். எல்லாக் கேள்விகளுக்கும் சராசரி எடுத்த பிறகு, `ef_search`-ஐ ஏற்றி மறுபடி அளக்க வேண்டும். விழுக்காடு ஏறினால், தேடல் பாதியில் நின்றுகொண்டிருந்தது என்று பொருள். எவ்வளவு ஏற்றியும் அசையவில்லை என்றால் வலையின் இணைப்பிலேயே குறை இருக்கிறது. பட்டியல் நிரம்பிக் கழிக்கப்பட்டபோது சில புள்ளிகளை எல்லா அண்டையரும் கைவிட்டிருக்கலாம். அந்தப் புள்ளியிலிருந்து வெளியே இணைப்பு இருக்கும், அதற்குள் வர இணைப்பு இருக்காது. எந்தத் தேடலும் அதை எட்டாது. நிறைய அழித்து அழித்துச் சேர்க்கும் இடங்களில் இது கூடும். அப்போது `m`, `ef_construction` இரண்டையும் உயர்த்தி வலையைப் புதிதாகக் கட்டுவதே மருந்து.

சராசரியில் ஒளிந்துகொள்ளும் குறை ஒன்றும் உண்டு. நடைமுறையில் அதிகம் தொல்லை தருவது அதுதான். நம் வாசகர் ‘கிணறு வற்றிய ஊர்கள், 2003-ஆம் ஆண்டில் மட்டும்’ என்று கேட்கிறார். வலைக்கு ஆண்டு தெரியாது. அது வழக்கம்போல 40 கட்டுரைகளைப் பொறுக்கித் தரும். தரவுத்தளம் அதன் பிறகே ஆண்டைப் பார்த்து வடிகட்டும். பத்தில் ஒரு பங்கு கட்டுரைகள் அந்த ஆண்டைச் சேர்ந்தவை என்றால் 40-இல் நான்கு தேறும். பத்துக் கேட்டவருக்கு நான்கு கிடைக்கும். நூறில் ஒரு பங்கு என்றால் ஒன்றும் இல்லாமலே போகலாம், அந்த ஆண்டின் கட்டுரைகள் பத்தாயிரம் உள்ளே இருக்கும்போதே. 2024-இல் வந்த பிஜிவெக்டர் 0.8.0 பதிப்பு இதற்கு ஒரு வழி செய்தது. இப்படி அமைத்தால், வடிகட்டிய பிறகு போதுமான விடைகள் இல்லையென்றால், நின்ற இடத்திலிருந்து தேடல் மேலும் தொடரும். வைத்திருக்கும் உச்சவரம்பைத் தொட்டால் அங்கே நின்றுகொள்ளும்:

```sql
SET hnsw.iterative_scan = strict_order;
```

வடிகட்டிய பிறகு மிஞ்சுவது பத்தாயிரம் கட்டுரைகள்தான் என்று முன்கூட்டியே தெரிந்தால், தாவலே வேண்டியதில்லை. அந்தப் பத்தாயிரத்தையும் ஒவ்வொன்றாக அளந்துவிடலாம். 77 லட்சம் பெருக்கல்கள் ஒரு கணினிக்குச் சில மில்லிநொடி வேலை, விடையும் ஒன்றுவிடாமல் சரியாக இருக்கும்.